பதிலீடா, நீக்கமா? ஒரே புரோமைடை வைத்து முழுக்கணக்கு

கேள்வி: "(2S,3R)-2-புரோமோ-3-மெத்தில்பென்டேனை சோடியம் எத்தாக்சைடு சேர்த்து எத்தனாலில் சூடாக்கினால் கிடைக்கும் முக்கிய விளைபொருள் எது? பெயரிடுக"ன்னு டெஸ்ட்ல வந்தது. எத்தாக்சைடு நல்ல நியூக்ளியோஃபைல்தானேன்னு SN2 போட்டு ஈதர் எழுதினேன், சுழி. என் ஃபிரெண்ட் 3-மெத்தில்பென்ட்-2-ஈன்னு எழுதினான், அவனுக்கும் பாதி மார்க்தான். SN2-வா E2-வான்னு எதை வெச்சு முடிவு பண்றது? பெயர்ல என்ன விட்டுப்போச்சு?

பதில்:

உங்கள் ஃபிரெண்ட் விட்டது ஒரே ஓர் எழுத்து: Z. விடை (Z)-3-மெத்தில்பென்ட்-2-ஈன். கேள்வியில் S, R என்று மெனக்கெட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்றால், விடையிலும் அந்த முப்பரிமாணத் தகவலை எதிர்பார்க்கிறார்கள் என்று அர்த்தம். உங்கள் ஈதரும் வெறும் கற்பனை இல்லை. அந்தக் குடுவையில் அதுவும் கொஞ்சம் உண்டாகும். ஆனால் கேட்டது முக்கிய விளைபொருள்.

முதலில் SN2-வா E2-வா என்பதைப் பார்ப்போம். எத்தாக்சைடு நல்ல கருக்கவர் பொருள் என்று நீங்கள் நினைத்தது சரிதான். அது வலிமையான காரமும்கூட என்பதை மறந்துவிட்டீர்கள். எத்தாக்சைடின் ஆக்சிஜனில் இருக்கும் அதே எலெக்ட்ரான் இரட்டை, புரோமின் உட்கார்ந்திருக்கும் கார்பனைப் பின்பக்கமாகத் தாக்கினால் பதிலீடு. பக்கத்துக் கார்பனில் இருக்கும் ஹைட்ரஜனைப் பிடுங்கினால் நீக்கம். தாக்கும் ஆள் ஒருவர்தான், எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

கார்பனின் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதற்கு ஒரு பழைய சோதனைக் கணக்கு போதும். எத்தில் புரோமைடை 55 °C-இல் எத்தனாலில் சோடியம் எத்தாக்சைடோடு வினைப்படுத்தினால் ஏறத்தாழ 90 சதவீதம் ஈதர், 10 சதவீதம் எத்திலீன். அதே நிலைமையில் ஐசோபுரோப்பைல் புரோமைடை வைத்தால் தலைகீழ்: ஈதர் 21 சதவீதம்தான், புரோப்பீன் 79. மூவிணைய பியூட்டைல் புரோமைடுக்குப் போனால் ஈதர் நடைமுறையில் இல்லவே இல்லை, எல்லாமே ஆல்கீன். காரமும் கரைப்பானும் வெப்பநிலையும் மாறவில்லை. மாறியது புரோமினைத் தாங்கும் கார்பனைச் சுற்றியிருக்கும் நெரிசல் மட்டும்தான். கார்பனின் முதுகு மூடிக்கொண்டே வர, வெளியோரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஹைட்ரஜன் சுலபமான இலக்காகிறது.

உங்கள் சேர்மத்தில் புரோமின் இருப்பது C2-இல், ஈரிணைய கார்பன். அதாவது ஐசோபுரோப்பைல் வகை. போதாக்குறைக்குப் பக்கத்து C3-இலும் ஒரு மெத்தில் கிளை. அப்படியென்றால் பின்பக்கத் தாக்குதல் ஐசோபுரோப்பைலைவிடவும் கடினம். இதோடு சூடாக்குகிறார்கள். நீக்க வினையில் துகள்களின் எண்ணிக்கை கூடுகிறது, அதனால் வெப்பநிலை ஏற ஏற அதன் பங்கு ஏறும். E2 என்று எழுத இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

'ஈரிணையம் என்றால் நீக்கம்' என்று மட்டும் மனப்பாடம் செய்துவிடாதீர்கள். அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். ஈரிணைய கார்பனில் முடிவு செய்வது வினைப்பொருள்தான். இதே ஐசோபுரோப்பைல் புரோமைடோடு எத்தாக்சைடுக்குப் பதில் அசிட்டேட் அயனியைச் சேர்த்தால் கிட்டத்தட்ட முழுவதும் பதிலீடு. நான் பார்ப்பது அந்த அயனியின் இணை அமிலத்தின் pKa மதிப்பை. எத்தனாலுக்கு 16, ஆகவே எத்தாக்சைடு புரோட்டானுக்கு அலையும். அசிட்டிக் அமிலத்துக்கு 4.76, HN3-க்கு 4.7, ஆகவே அசிட்டேட்டுக்கும் அசைடுக்கும் புரோட்டான் மேல் பெரிய ஆசை இல்லை. அயோடைடுக்கு அறவே இல்லை. HCN 9.2, இடைப்பட்டது. ஈரிணைய ஹேலைடில் சயனைடு பெரும்பாலும் பதிலீடுதான் செய்யும், ஆனால் ஓரளவு ஆல்கீனும் கூடவே வரும். 12-க்கு மேல் என்றால் நீக்கத்தை முதலில் நினைப்பது, கீழே என்றால் பதிலீட்டை முதலில் நினைப்பது என்று வைத்துக்கொண்டால் ஈரிணைய ஹேலைடில் பெரும்பாலும் தப்பு வராது. அந்த 12 நான் கைக்கு வசதியாக வைத்துக்கொண்ட எல்லைதான், இயற்கை விதி அல்ல.

பிளஸ் டூவில் படித்த 'நீர்த்த KOH என்றால் ஆல்கஹால், ஆல்கஹால் கலந்த KOH என்றால் ஆல்கீன்' என்பதும் இதே கதைதான். தண்ணீரில் OH⁻ அயனியை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து கட்டிப்போட்டிருக்கும், புரோட்டானைப் பிடுங்கும் வேகம் குறைந்துவிடும். எத்தனாலில் அந்தக் கட்டு தளர்கிறது. தவிர, OH⁻ எத்தனாலிடமிருந்தே ஒரு புரோட்டானை வாங்கிக்கொள்வதால் கரைசலில் எத்தாக்சைடும் இருக்கும். அதனால்தான் கேள்வியில் கரைப்பானின் பெயர் வந்தால் அதன் கீழே கோடு போடுங்கள் என்று வகுப்பில் சொல்வேன்.

சரி, நீக்கம் என்று முடிவாகிவிட்டது. எந்த ஹைட்ரஜன் போகும்? C1-இல் மூன்று, C3-இல் ஒன்று. C1-இலிருந்து போனால் 3-மெத்தில்பென்ட்-1-ஈன். C3-இலிருந்து போனால் 3-மெத்தில்பென்ட்-2-ஈன். இரண்டாவதில் இரட்டைப் பிணைப்பில் மூன்று கார்பன் தொகுதிகள் இருக்கின்றன, முதலாவதில் ஒன்றுதான். எத்தாக்சைடு சின்னக் காரம், அதற்கு C3-இன் ஹைட்ரஜன் எட்டும். எனவே சேய்ட்செஃப் விதிப்படி பென்ட்-2-ஈன் முதன்மை. உங்கள் ஃபிரெண்ட் இதுவரை சரியாக வந்துவிட்டார்.

இங்கேதான் மீதிப் பாதி மார்க். E2-வில் புரோமினும் ஹைட்ரஜனும் ஒரே தளத்தில், நேர் எதிர்த் திசையில் நிற்க வேண்டும். C3-இல் இருப்பது ஒரே ஒரு ஹைட்ரஜன். அது புரோமினுக்கு நேர் எதிரே வரும்படி C2–C3 பிணைப்பைச் சுழற்றினால் மற்ற நான்கு தொகுதிகளும் எங்கே நிற்கும் என்பது தானாகவே முடிவாகிவிடுகிறது. தேர்வு செய்ய எதுவும் இல்லை.

இதை நியூமன் படமாகப் போடுங்கள். படம் போட அலுப்பாக இருந்தால் ஒரு சுவர்க் கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். C3-இன் பக்கமிருந்து பார்க்கிறோம், C3 முன்னால், C2 பின்னால். பின்னால் இருக்கும் C2-இல் புரோமினை 12 மணியில் வையுங்கள். மிச்சமிருக்கும் 4 மணியிலும் 8 மணியிலும் மெத்திலும் ஹைட்ரஜனும் வர வேண்டும். முன்னால் இருக்கும் C3-இன் ஹைட்ரஜனை 6 மணியில் வையுங்கள், புரோமினுக்கு நேர் எதிர். 2 மணியிலும் 10 மணியிலும் எத்திலும் மெத்திலும் வர வேண்டும். எது எங்கே என்று சொல்வதுதான் S, R.

C3-ஐ முதலில் முடிப்போம், அதுதான் சுலபம். முன்னுரிமை வரிசை: புரோமினைத் தாங்கும் C2 முதலாவது, எத்தில் இரண்டாவது, மெத்தில் மூன்றாவது, ஹைட்ரஜன் கடைசி. ஹைட்ரஜன் கீழே 6 மணியில் இருப்பதால், நாம் மேலேயிருந்து குனிந்து பார்க்க வேண்டும். அப்போது C2 தூரத்தில், அதாவது முன்பக்கம் நேராகத் தெரியும். எத்திலை 2 மணியில் வைத்திருந்தால் அது வலக்கைப் பக்கம், மெத்தில் இடக்கைப் பக்கம். C2, எத்தில், மெத்தில் என்று போனால் வலஞ்சுழி. அதுவே R. நமக்கு வேண்டியதும் R தான், ஆகவே எத்தில் 2 மணி, மெத்தில் 10 மணி.

இப்போது C2. வரிசை: புரோமின், C3, மெத்தில், ஹைட்ரஜன். மெத்திலை 4 மணியிலும் ஹைட்ரஜனை 8 மணியிலும் வைத்துப் பாருங்கள். ஹைட்ரஜன் இடப்பக்கம் இருப்பதால், வலப்பக்கம் போய் நின்று பார்க்க வேண்டும். அங்கிருந்து புரோமின் மேலே, C3 இடக்கைப் பக்கம், மெத்தில் கீழே. மேலேயிருந்து இடப்பக்கமாகக் கீழே இறங்குகிறோம், இடஞ்சுழி. அதுவே S. கேட்டதும் S. முதல் முயற்சியிலேயே பொருந்திவிட்டது. பொருந்தாமல் போயிருந்தால் 4-ஐயும் 8-ஐயும் இடம் மாற்றினால் போதும்.

இனி 12-இலிருந்து புரோமினையும் 6-இலிருந்து ஹைட்ரஜனையும் எடுத்துவிடுங்கள். கடிகாரத்தின் வலப்பக்கத்தில் 2 மணியில் எத்தில், 4 மணியில் மெத்தில். இடப்பக்கத்தில் 10 மணியில் மெத்தில், 8 மணியில் ஹைட்ரஜன். ஒரே பக்கம் இருந்தவை இரட்டைப் பிணைப்பிலும் ஒரே பக்கம் நிற்கும். பெயருக்காக ஒவ்வொரு கார்பனிலும் பெரியவரைத் தேடுங்கள். C2-இல் மெத்திலும் ஹைட்ரஜனும் இருக்கின்றன, மெத்தில் பெரியது. C3-இல் எத்திலும் மெத்திலும் இருக்கின்றன, எத்தில் பெரியது. பெரியவை இரண்டும் வலப்பக்கத்திலேயே இருப்பதால் Z.

இதில் ஒரு பொறி இருக்கிறது. விடைத்தாள் திருத்தும்போது அடிக்கடி பார்ப்பது: C2-இலும் C3-இலும் மெத்தில் இருக்கிறதே என்று அந்த இரண்டையும் ஒப்பிட்டு, அவை எதிரெதிர்ப் பக்கம் என்பதால் E என்று எழுதுவார்கள். சிஸ், டிரான்ஸ் பழக்கத்தின் மிச்சம் அது. C3-இல் எத்தில்தான் மெத்திலைவிடப் பெரியது, ஒப்பிட வேண்டியது எத்திலைத்தான்.

கேள்வியில் (2S,3S) என்று கொடுத்திருந்தால் இதே வேலையில் E வந்திருக்கும். (2R,3S) என்றால் மறுபடியும் Z, ஏனென்றால் அது நம் சேர்மத்தின் ஆடிப்பிம்பம். 2-புரோமோபியூட்டேனுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. அதன் C3-இல் இரண்டு ஹைட்ரஜன்கள் உண்டு, எது வேண்டுமானாலும் எதிரே வந்து நிற்கலாம். அங்கே E, Z இரண்டும் கிடைக்கும், நெரிசல் குறைந்த E அதிகம். 'E தான் எப்போதும் முக்கியம்' என்ற பழக்கம் அந்த மாதிரிக் கணக்குகளிலிருந்து வந்தது. அதை இங்கே கொண்டுவந்தால் விடை தப்பு.

சேய்ட்செஃப் விதியையும் இந்த எதிர்த்திசை நிபந்தனை தோற்கடிக்கும். வளையச் சேர்மங்களில் அது நன்றாகத் தெரியும். மென்தைல் குளோரைடை எத்தாக்சைடோடு வினைப்படுத்தினால் கிடைப்பது 2-மென்தீன் மட்டுமே, அதாவது குறைவாகப் பதிலீடு பெற்ற ஆல்கீன். அதிகம் பதிலீடு பெற்ற ஆல்கீனைத் தர வேண்டிய ஹைட்ரஜன் குளோரினுக்கு நேர் எதிரே வர வளையம் இடம் கொடுப்பதில்லை. ஆகவே வளையம் கண்ணில் பட்டால் விதியைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் எதிரே ஹைட்ரஜன் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது அதே (2S,3R) புரோமைடை வைத்துக்கொண்டு வினைப்பொருளை மட்டும் மாற்றிப் பார்ப்போம். எனக்கு இந்தப் பயிற்சிதான் பத்துத் தனித்தனிக் கணக்குகளைவிடப் பிடிக்கும்.

எத்தாக்சைடுக்குப் பதில் பொட்டாசியம் மூவிணைய பியூட்டாக்சைடு. பதிலீடு செய்ய வழியே இல்லாத பருத்த காரம், ஆகவே நீக்கம்தான். ஆனால் C3-இன் ஹைட்ரஜனை எட்டிப் பிடிக்கச் சிரமப்பட்டு, ஓரத்து C1-இன் ஹைட்ரஜனை எடுக்கும். காரத்தின் பருமன் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு 2-புரோமோ-2-மெத்தில்பியூட்டேன் நல்ல உதாரணம். எத்தாக்சைடில் ஓரத்து ஆல்கீன் சுமார் 31 சதவீதம், மூவிணைய பியூட்டாக்சைடில் அது 72 சதவீதத்தைத் தாண்டுகிறது. நம் சேர்மத்தில் முக்கிய விளைபொருள் (3R)-3-மெத்தில்பென்ட்-1-ஈன். R எங்கே வந்தது என்றால், C3-ஐ யாரும் தொடவில்லை, அதன் நான்கு தொகுதிகளின் முன்னுரிமையும் மாறவில்லை. இங்கே E, Z எழுத வேண்டியதில்லை, C1-இல் இருப்பவை இரண்டும் ஹைட்ரஜன்.

அடுத்து, சோடியம் அசைடு, கரைப்பான் DMSO. வலுக்குறைந்த காரம், நல்ல கருக்கவர் பொருள், அயனியைக் கட்டிப்போடாத கரைப்பான். SN2. C3-இன் கிளையால் மெதுவாகத்தான் போகும், ஆனால் போகும். பின்பக்கத் தாக்குதலால் C2 குடைபோலத் திரும்பிக்கொள்கிறது, S என்பது R ஆகிறது. C3 இருந்தபடியே இருக்கிறது. விளைபொருள் (2R,3R)-2-அசைடோ-3-மெத்தில்பென்டேன். இரண்டு மையங்களையும் திருப்பிவிட்டு (2R,3S) என்று எழுதுவது இன்னொரு வழக்கமான தப்பு. நீங்கள் எழுதிய ஈதருக்கும் இதே கதிதான்: எத்தாக்சைடு வினையில் சிறு அளவில் உண்டாகும் அந்தப் பொருளின் முழுப்பெயர் (2R,3R)-2-எத்தாக்சி-3-மெத்தில்பென்டேன்.

சயனைடு வந்தால் பெயரில் ஒரு திருப்பம். CN-இன் கார்பனும் சங்கிலியில் சேர்ந்துகொள்கிறது, அதுவே முதல் எண். பழைய C2-இல் தொங்கும் மெத்தில் இப்போது கிளையாகிவிடும். ஆகவே பெயர் (2R,3R)-2,3-டைமெத்தில்பென்டேன்நைட்ரைல். ஹெக்சேன் என்று எண்ணிவிடாதீர்கள், நைட்ரைல் கார்பனிலிருந்து எண்ணினால் ஐந்துதான் வரும்.

வடிவம் திரும்பினால் எழுத்தும் திரும்பியே ஆக வேண்டும் என்றும் இல்லை. 2-புரோமோ-1-மெத்தாக்சிபுரோப்பேனில் புரோமின் முதலாவது, CH2OCH3 இரண்டாவது. சயனைடு வந்து உட்கார்ந்ததும் CN இரண்டாவது இடத்துக்கு இறங்கிவிடும், ஏனென்றால் ஆக்சிஜன் நைட்ரஜனைவிடப் பெரியது. மூலக்கூறு திரும்பியும் R என்பது R ஆகவே நிற்கும். திரும்பிய வடிவத்தை வரைந்த பிறகு முன்னுரிமையைப் புதிதாகப் போட்டுப் பார்ப்பது ஒன்றுதான் பாதுகாப்பு.

கடைசியாக, காரமே இல்லாமல் வெறும் எத்தனாலில் சூடாக்கினால்? தாக்க வலுவான ஆள் இல்லை, ஆகவே புரோமின் தானாகக் கிளம்பும்வரை காத்திருக்க வேண்டும். C2-இல் ஈரிணைய கார்போகேஷன் உருவாகிறது. உருவானதும் C3-இன் ஹைட்ரஜன் தன் எலெக்ட்ரான் இரட்டையோடு C2-க்குத் தாவ, நேர்மின் சுமை மூவிணைய C3-க்குப் போய்விடும். அங்கே எத்தனால் சேர்ந்தால் 3-எத்தாக்சி-3-மெத்தில்பென்டேன். C3-இன் இரண்டு பக்கமும் எத்தில், ஆகவே R, S எதுவும் கிடையாது. கேள்வியில் இருந்த முப்பரிமாணத் தகவல் முழுக்க அழிந்துவிட்டது. புரோட்டான் போனால் 3-மெத்தில்பென்ட்-2-ஈன், E, Z இரண்டும். கொஞ்சம் 2-எத்தில்பியூட்-1-ஈனும் வரும். 2013-இன் IUPAC பரிந்துரைப்படி நீண்ட சங்கிலிக்கே முதலிடம் என்பதால் அதன் பெயர் 3-மெத்திலிடீன்பென்டேன். பாடப்புத்தகங்கள் இன்னும் பழைய பெயரையே போடுகின்றன, தேர்வில் உங்கள் புத்தகம் எதைச் சொல்கிறதோ அதையே எழுதுங்கள்.

ஆய்வகத்தில் உங்கள் விடையையும் ஃபிரெண்டின் விடையையும் பிரித்தறிவது சுலபம். ஆல்கீன் புரோமின் கரைசலின் நிறத்தைப் போக்கும், ஈதர் போக்காது. புரோட்டான் NMR எடுத்தால் இரட்டைப் பிணைப்பிலுள்ள ஒற்றை ஹைட்ரஜன் 5.2 ppm பக்கம் தெரியும். ஈதராக இருந்தால் அங்கே ஒன்றும் இருக்காது, ஆக்சிஜனுக்கு அடுத்த ஹைட்ரஜன்கள் 3.3-இலிருந்து 3.6-க்குள் கூட்டமாக நிற்கும். எத்தாக்சைடு வினையின் கலவையை எடுத்தால் பெரிதாக 5.2-இல் ஒன்று, சின்னதாக 3.4 பக்கம் சில என்று இரண்டுமே தெரியும். அந்தச் சின்னதுதான் நீங்கள் எழுதிய விடை.